சம்பா போனது, கடன் தவணை நிற்கிறது: குழுவாக வங்கிக்கு எழுதுவது எப்படி?

வாசகர் கடிதம்

"ஐயா, எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடி வட்டம், பரவனாற்றுக் கரை. 23 பேர் சேர்ந்து உழவர் குழு நடத்துகிறோம். நான் செயலாளர். கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் மழையில், பூக்கிற நேரத்தில் சம்பா நெல் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீரில் நின்றது. கதிர் வந்தது, பாதிக்கு மேல் பதர். மேட்டு நிலத்துக்காரர் இரண்டு பேருக்கு மட்டும் அவ்வளவு சேதம் இல்லை. எல்லோருக்கும் ஒரே வங்கியில்தான் கேசிசி பயிர்க்கடன். 'மார்ச்சுக்குள் கட்டுங்கள், இல்லையென்றால் வாராக்கடன் ஆகிவிடும்' என்று கிளையில் சொல்கிறார்கள். நிலம் ஏலத்துக்குப் போய்விடுமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். குழு பெயரில் ஒரே மனுவாக எழுதி, 23 பேரும் கையெழுத்துப் போட்டு, போட்டோக்களை வைத்துக் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், பதில் இல்லை. மூன்று பேருக்கு 2023-லிருந்தே பழைய பாக்கி இருக்கிறது. இரண்டு பேர் குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள். காப்பீட்டுக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்லவில்லை, அதுவும் போச்சு என்கிறார்கள். கடனைத் தள்ளிவைக்க எப்படி எழுத வேண்டும்?"

வழக்கறிஞர் பதில்

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் மனுவில் நியாயம் இருக்கிறது. ஆனால் வங்கி அதைக் கையில் எடுத்து வேலை செய்ய வழியில்லை. கடன் குழுவின் பெயரில் இல்லை. 23 பேருக்கு 23 கணக்கு, 23 ஒப்பந்தம். தவணையை மாற்றுவது என்றால் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் திருத்தி எழுதுவது, அதற்கு அந்தந்தக் கடன்தாரரின் விண்ணப்பமும் சம்மதமும் வேண்டும். ஒரே தாளில் 23 கையெழுத்து இருந்தால் மேலாளர் அதை எந்தக் கணக்கின் கோப்பில் வைப்பார்? அதனால்தான் அது மேசையிலேயே கிடக்கிறது. (கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கடன் வாங்கியிருந்தால் கதை வேறு. உங்களுடையது தனித்தனி கேசிசி.)

குழு வீண் என்று நான் சொல்லவில்லை. தனி ஆளாகப் போனால் 'பார்க்கலாம்' என்று அனுப்பிவிடுவார்கள். ஒரே கிராமத்தில் ஒரே மழையில் எல்லோருக்கும் போனது என்பதைக் காட்டுவதற்குக் குழு வேண்டும். மேலே குழுவின் முகப்புக் கடிதம் ஒன்று, அதற்குப் பின்னால் ஓர் அட்டவணை, அதற்கும் பின்னால் ஆளுக்கொரு விண்ணப்பமும் அவரவர் ஆதாரமும். இந்த வரிசையில் கொடுங்கள்.

நீங்கள் கேட்பது சலுகை அல்ல, விதி

இந்தப் புயலுக்குப் பொருந்துவது, இயற்கைப் பேரிடர் பாதித்த பகுதிகளில் வங்கிகள் செய்ய வேண்டிய நிவாரணம் பற்றி ரிசர்வ் வங்கி 2018 அக்டோபர் 17-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். அரசு பேரிடர் என்று அறிவித்து, பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிட்ட பகுதிகளில், குறுகிய காலப் பயிர்க்கடனின் அசலையும் அந்த ஆண்டு வட்டியையும் தவணைக் கடனாக மாற்றலாம். சேதம் 33-லிருந்து 50 சதவீதத்துக்குள் என்றால் திருப்பிக் கட்ட 2 ஆண்டு வரை. 50-ம் அதற்கு மேலும் என்றால் 5 ஆண்டு வரை. இரண்டிலுமே முதல் ஓராண்டு தவணை கட்ட வேண்டாம். இதற்காகக் கூடுதல் அடமானம் கேட்கக் கூடாது. பேரிடர் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கி இதை முடிக்க வேண்டும்.

இந்த 3 மாதம்தான் உங்களுக்கு முக்கியம். அரசாணையின் எண்ணையும் தேதியையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேட்டு வாங்கிக் கடிதத்திலேயே எழுதுங்கள். கெடு நெருங்கிவிட்டால், நேரம் போதவில்லை என்று மாநில வங்கியாளர் குழு ரிசர்வ் வங்கியிடம் கேட்க இடமிருக்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டியது அவர்கள். கெடு தாண்டும் முன்பே உங்கள் விண்ணப்பம் உள்ளே போய், முத்திரையோடு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

இது தள்ளுபடி இல்லை. வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். குழுவில் யாராவது 'எழுதிக் கொடுத்தால் கட்ட வேண்டாம்' என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். இன்னொன்றும் தெரிந்து போடுங்கள். கடன் பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து வங்கி வழக்குப் போடுவதற்கான 3 ஆண்டுக் கெடு புதிதாகத் தொடங்கும். காலவரையறைச் சட்டம் பிரிவு 18 அப்படித்தான் சொல்கிறது. உங்களைப் போல நடப்புக் கடன் வைத்திருப்பவருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பழைய பாக்கிக்காரர் மட்டும் யோசித்துப் போட வேண்டும்.

மூன்று பட்டியல், மூன்று கணக்கு

ஊரில் பெரிய குழப்பம் இங்கேதான். சேதம் என்று ஒன்றைச் சொல்லி மூன்று இடத்தில் மூன்று விதமாகக் கணக்கு எடுக்கிறார்கள்.

அரசு நிவாரணம் தனி வயலைப் பார்த்துக் கொடுப்பது. கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் கூட்டாக வயலைப் பார்த்து, 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று எழுதியவருக்குத்தான் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று இந்தப் புயலுக்கு அறிவித்தார்கள். காப்பீடு உங்கள் வயலைப் பார்ப்பதில்லை. கிராமத்தில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியைப் பார்க்கிறது. 72 மணி நேர விஷயத்தில் உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். 2024-25 சம்பாவுக்குப் பொருந்திய விதியில், நெல் வயலில் தண்ணீர் தேங்கியதைத் தனி வயல் இழப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை. எனவே நீங்கள் தகவல் சொல்லாததால் எதுவும் போகவில்லை. உரிய நாளுக்குள் பிரீமியம் போயிருந்தால், கிராமச் சராசரி விளைச்சல் வரம்புக்குக் கீழே விழும்போது இழப்பீடு வரும்.

மூன்றாவது, கடன் மறுசீரமைப்பு. இதற்கு வங்கி பார்ப்பது அரசு அறிவித்த பகுதியில் உங்கள் வருவாய்க் கிராமம் இருக்கிறதா, அங்கே மதிப்பிட்ட சேதம் எவ்வளவு என்பதைத்தான். உங்கள் போட்டோ எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கிராமத்தின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் கிளை மேலாளர் கை கட்டப்பட்டுவிடும். அப்போது மனு போக வேண்டிய இடம் ஆட்சியர். மாவட்ட வங்கியாளர் கூட்டம் அவர் தலைமையில்தான் நடக்கிறது. கடலூர் மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. உங்கள் கடன் எந்த வங்கியில் இருந்தாலும் முகப்புக் கடிதத்தின் நகல் ஒன்று முன்னோடி வங்கி மேலாளருக்கும், ஒன்று நபார்டு மாவட்ட மேலாளருக்கும் போகட்டும். (உறுப்பினர் யாருக்காவது தென்பெண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாகூரில் நிலம் இருந்தால், அதன் சேதப் பட்டியல் புதுச்சேரி வருவாய்த் துறையிடம். கடலூர் பட்டியலில் தேட வேண்டாம்.)

இதில் ஒரு நல்ல பிடி இருக்கிறது. நிவாரணம் வந்த உறுப்பினரின் வங்கிப் புத்தகத்தில் அந்த வரவு பதிவாகியிருக்கும். மூன்று ஏக்கர் என்றால் 1.21 ஹெக்டேர், சுமார் 20,600 ரூபாய். அந்த ஒரு வரி, 'இவர் வயலில் 33 சதவீதத்துக்கு மேல் சேதம்' என்று அரசே எழுதியதற்குச் சாட்சி. நான் பார்த்த மனுக்களில் பெரும்பாலானவர் இதை இணைப்பதே இல்லை.

எந்த ஆதாரம் நிற்கும், எது நிற்காது

வெறும் படத்தை விட விளைச்சல் சீட்டு வலிமையானது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குச் சீட்டு இருக்கும், அதில் 40 கிலோ சிப்பக் கணக்கு இருக்கும். உதாரணத்துக்கு, மூன்று ஏக்கர்க்காரர் ஒருவர் போன சம்பாவில் 150 சிப்பம் போட்டிருக்கிறார், இந்த முறை 57 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 93 சிப்பம், அதாவது 62 சதவீதம். 50-ஐத் தாண்டிவிட்டதால் 5 ஆண்டு கேட்கலாம். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தாளில் நகல் எடுங்கள். வியாபாரியிடம் போட்டவர் எடைச் சீட்டு வைக்கட்டும். சீட்டு மகன் பெயரில் இருந்தால், நிலமும் கடனும் அப்பா பெயரில் இருப்பதை ஒரு வரியில் விளக்கி எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் அதையே காரணமாகச் சொல்லித் திருப்பிவிடுவார்கள்.

அடுத்தது அடங்கல். இந்தப் பசலிக்கு, சம்பா நெல் என்று பயிர்ப் பெயரோடு வாங்குங்கள். வாங்கியவுடன் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கடன் அனுமதிக் கடிதத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பாகப்பிரிவினைக்குப் பிறகு 84/2 என்பது 84/2ஏ ஆகியிருக்கும், வங்கியில் பழைய எண்ணே இருக்கும். ஆவணங்களைச் சரிபார்க்கும்போது முதலில் தட்டுவது இந்த இடம்தான். புதிய பட்டா நகலைச் சேர்த்து, இரண்டும் ஒரே நிலம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்குங்கள். குத்தகைக்காரர் இருவருக்கும் பட்டா இருக்காது. இந்தப் போகம் அந்த வயலில் பயிர் வைத்தவர் இவர்தான் என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். கடன் அவர்கள் பெயரிலேயே இருந்தால் அது போதும்.

கூட்டுக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகல் கிடைக்கவில்லை என்றால், வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போடுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. அதற்காக வங்கி மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். 'பட்டியல் நகல் கேட்டிருக்கிறோம், வந்ததும் தருகிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படத்தைப் பற்றி இரண்டே விஷயம். வாட்ஸ்அப்பில் வந்து போன படத்தில் இடமும் நேரமும் அழிந்துவிடும். எடுத்த போனிலிருந்தே மூலப் படத்தை அச்செடுத்து, பின்னால் சர்வே எண்ணும் தேதியும் எழுதுங்கள். ஒருவர் வயலின் படத்தை 23 பேரின் கோப்பிலும் வைக்கவே வைக்காதீர்கள். ஒரு படம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்துவிட்டால் கட்டு முழுவதையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

எல்லோரும் ஒரே பட்டியலில் வேண்டாம்

பழைய பாக்கி மூவரையும் இந்த அட்டவணையிலிருந்து எடுங்கள். பேரிடர் நடந்த நாளில் ஏற்கெனவே தவணை தாண்டியிருந்த கடன் இந்த மறுசீரமைப்பில் வராது. புயல் கரையேறியது 2024 நவம்பர் 30. அன்று யாருடைய தவணை நாள் கடந்திருந்ததோ அவர்கள் வெளியே. அவர்களைச் சேர்த்து வைத்தால் கிளை மொத்தக் கட்டையும் 'தகுதி இல்லாதவர் இருக்கிறார்கள்' என்று திருப்பும். மூவரும் தனியாக, ஒருமுறைத் தீர்வுக்கோ வங்கியின் சொந்த விதிப்படியான தவணை மாற்றத்துக்கோ எழுதட்டும். இதைக் குழுவில் சொல்வது சங்கடம்தான். ஆனாலும் மற்றவர்களின் மனுவை அவர்களுக்காக நிறுத்தக் கூடாது.

மேட்டு நிலத்துக்காரர் இருவரும் நீட்டிப்பு கேட்கவே வேண்டாம் என்பேன். மூன்று லட்சம் வரையிலான கேசிசி பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீத ஊக்கம் போக 4 தான் விழும். அறுவடை கைக்கு வந்தவர் கட்டிப் புதுப்பிப்பதே லாபம்.

மீதிப் பேருக்கு நீட்டிப்பின் விலை என்ன? மூன்று ஏக்கர்க்காரர் 1,10,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார் என்று கொள்வோம். ஓராண்டு வட்டி 7,700 சேர்ந்து 1,17,700 தவணைக் கடனாகிறது. முதல் ஆண்டு தவணை இல்லை, வட்டி மட்டும் 7 சதவீதத்தில் சுமார் 8,240. அரசின் வட்டி மானியம் பொதுவாக இந்த முதல் ஆண்டோடு நின்றுவிடும். பிறகு வங்கியின் சாதாரண வட்டி. அதை 9 சதவீதம் என்று வைத்தால், ஆண்டுக்கு 29,425 வீதம் நான்கு தவணை, அதோடு வட்டி. ஐந்தாண்டில் வட்டி மட்டும் ஏறக்குறைய 34,700 ரூபாய் போகும். காப்பீட்டுத் தொகை வந்தால் அதில் ஒரு பகுதியை அசலில் கட்டிவிட்டால் இந்தச் சுமை நன்றாகக் குறையும்.

இதைப் பார்த்துவிட்டு, 'மூணு ரூபாய் வட்டிக்கு வெளியில் புரட்டிக் கட்டிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்' என்று சிலர் நினைப்பார்கள். புதுக்கடன் பத்து நாளில் கைக்கு வந்தால் அது கணக்கில் சரியாக வரும். அது இழுத்தடித்தால், 1,10,000-க்கு மாதம் 3,300 ரூபாய் வட்டி. வாங்கியதை அடைக்க வேறு விளைச்சலும் வீட்டில் இல்லை. சம்பா முழுதாகப் போனவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். நீட்டிப்பின் உண்மையான பயன், பழைய கடன் தவணைக்குள் நிற்கும்போதே அடுத்த போகத்துக்குப் புதிய பயிர்க்கடன் கேட்க முடிவது. விண்ணப்பத்தில் அதையும் சேர்த்தே கேளுங்கள்.

மார்ச்சும் ஏலமும்

மார்ச் 31 வங்கியின் கணக்கு முடிக்கும் நாள். உங்கள் தவணை நாள் உங்கள் அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது, அதைப் பாருங்கள். நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்குக் கடன் தவணை தாண்டி இரண்டு போகம் கட்டாமல் இருந்தால்தான் வாராக்கடன். தவணை தாண்டினால் உடனே போவது அந்த 3 சதவீத ஊக்கம். முறைப்படி மறுசீரமைத்த கடன் நடப்புக் கடனாகவே கருதப்படும்.

வங்கிகள் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுக்கும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தின் மேலுள்ள அடமானத்துக்குப் பொருந்தாது, பிரிவு 31 அதை விலக்கியிருக்கிறது. அதற்கும் முன்னால், உங்கள் நிலம் அடமானத்தில் இருக்கிறதா என்றே பாருங்கள். உங்கள் கடன்கள் வாங்கிய காலத்தில் 1.6 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்றிருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது 2 லட்சம். மேலே சொன்ன அளவுக் கடன் என்றால் பயிர் மட்டுமே ஈடாக இருக்கும்.

கடிதம் இப்படி இருக்கட்டும்

நீளமாக எழுத வேண்டாம். 'விவசாயி கண்ணீர்' வகை வரிகளும் வேண்டாம். மேலாளர் தன் மேலதிகாரிக்கு அனுப்ப ஏதுவாக இருக்க வேண்டும்.

> "பொருள்: ஃபெஞ்சல் புயல் – சம்பா நெல் சேதம் – பயிர்க்கடன் மறுசீரமைப்பும் புதிய பயிர்க்கடனும் கோருதல்.
>
> எங்கள் வருவாய்க் கிராமம் …… அரசாணை எண் ……, நாள் …… இன்படி பாதிக்கப்பட்ட பகுதி. இணைப்பு 1-ல் உள்ள 18 உறுப்பினர்களின் கடன்கள் 30.11.2024 அன்று தவணை கடக்காதவை. ரிசர்வ் வங்கியின் 17.10.2018 வழிகாட்டுதலின்படி இவற்றின் அசலையும் இவ்வாண்டு வட்டியையும் ஓராண்டு விடுமுறையுடன் தவணைக் கடனாக மாற்றவும், அபராத வட்டி விதிக்காதிருக்கவும், அடுத்த போகத்துக்குப் புதிய கடன் வழங்கவும் வேண்டுகிறோம். ஒவ்வொருவரின் விண்ணப்பமும் ஆதாரமும் தனித்தனியே இணைக்கப்பட்டுள்ளன. ஏற்க இயலாதவை இருந்தால் கணக்கு வாரியாகக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்."

இணைப்பு 1-ன் கட்டங்கள்: பெயர், கடன் கணக்கு எண், சர்வே எண், பரப்பு, கடன் தொகை, தவணை நாள், போன ஆண்டு சிப்பம், இந்த ஆண்டு சிப்பம், சேத சதவீதம். ஓர் ஆள் ஒரு வரி. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கணக்கு வாரியாகக் காரணம் கேட்டால், மொத்தமாக 'முடியாது' என்பதைவிட எழுத்தில் பதில் சொல்வது அவர்களுக்குக் கடமையாகிறது, உங்களுக்கும் அடுத்த படிக்கு அது தேவைப்படும்.

நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, மறுத்து வந்த பதில் விதிக்கு முரணாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அங்கேயும் கணக்கு வாரியாகத்தான் போக வேண்டும். கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற வங்கியின் வணிக முடிவில் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார். ரிசர்வ் வங்கி சொன்னதை வங்கி பின்பற்றவில்லை என்பதைத்தான் விசாரிப்பார். அதனால் புகாரில் வழிகாட்டுதலின் தேதி, நீங்கள் விண்ணப்பித்த தேதி, கடந்துபோன கெடு ஆகிய மூன்றும் முதல் பத்தியிலேயே வரட்டும். உறுப்பினர் யாருக்காவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் கடன் இருந்தால் அதற்கு இந்தக் குறைதீர்ப்பாளர் இல்லை. அந்த மனு கடலூர் மண்டலக் கூட்டுறவு இணைப்பதிவாளருக்குப் போக வேண்டும்.